மணல்மேட்டில் தலைவைத்தவர்கள்

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒட்டுச்சுவராக ஒரு சிறிய விஹார் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரே அறை, தகரக் கூரை, நீலம் அடித்த சுவர், புத்தர் சிலை, பக்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் படம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பதினைந்து இருபது பெண்கள் கூடி வந்தனை சொல்வார்கள். அவர்கள் பேசுவது மராட்டி, எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது பாலி. திரிசரணமும் பஞ்சசீலமும் எனக்குப் பொருளாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஓசையாகத் தெரியும்.

செம்பூருக்குக் குடிபோன பிறகு அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்காக உட்கார்ந்திருப்பேன். ஒரு முறை உள்ளேயே போய் உட்கார்ந்தேன். அன்று மகாமங்கல சுத்தம் சொன்னார்கள். பாட்டுக்குப் பாட்டு ஒரே சொற்களில் முடியும் சூத்திரம் அது. மங்கலம் எது என்று அடுக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு அடுக்கின் கடைசியிலும் இதுவே உயர்ந்த மங்கலம் என்று நிறுத்தும். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அச்சிட்ட சிறு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓரிடத்தில் அவள் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டாள். யாரும் நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்டுப்போன பாட்டின் முதல் சொல்லைப் பக்கத்தில் இருந்த பெண் சற்று உயர்த்தி இழுத்தாள், அவ்வளவுதான். மற்ற குரல்கள் அந்தச் சொல்லின் மேல் வந்து விழுந்தன. சிறுமி ஒரு மூச்சு நின்று, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

முடிந்த பிறகு அங்கே மூத்தவரான ஆஜியிடம் அதைத் தனியாக ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னேன், எழுதிக்கொள்ளலாம் என்று. நாலாவது பாட்டு முடிந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி முடிவதால் அடுத்தது எது என்று பிடி கிடைக்கவில்லை. "தனியாக் கேட்டா வராது பாளா. நாலு பேரைக் கூப்பிடு, தானா வரும்" என்றார் மராட்டியில்.

பாலித் திரிபிடகம் ஏன் எழுதப்பட்டது, அதைவிட முக்கியமாக, அவ்வளவு காலம் ஏன் எழுதப்படாமல் இருந்தது என்று படிக்கத் தொடங்கியபோது ஆஜி சொன்னதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

எழுத்து இல்லாததால் எழுதவில்லை என்று பள்ளிப் புத்தகங்கள் நம்மை நினைக்க வைக்கின்றன. அது சரியில்லை என்பதற்குச் சான்று மும்பைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாதரில் விரார் வண்டி ஏறி நாலாசோபாராவில் இறங்கினால், அது பழைய சோபாரகத் துறைமுகம். 1882இல் பகவான்லால் இந்திராஜி அங்கே அசோகரின் பாறைக் கட்டளை ஒன்றின் துண்டைக் கண்டெடுத்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அரசனின் சொல் அந்தக் கடற்கரையில் கல்லில் இருந்தது. அதைவிட என்னைத் தொட்டது வேறொரு கல்வெட்டு. லோணாவளா அருகே கார்லே குகையின் பெரிய சைத்தியக் கூடத்தில் ஒரு தூண், எலும்பெச்சம் வைத்த தூண் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறது. அதைக் கொடுத்தவன் பெயர் சாதிமித, ஊர் சோபாரகம், தம்முத்தரியர் என்ற பிரிவைச் சேர்ந்தவன். அவன் தன்னை அடையாளம் சொல்லும் சொல் 'பாணக'. ஓதுபவன் என்று பொருள். தன் கொடையை எழுதி வைக்க எழுத்தைப் பயன்படுத்தியவனின் தொழிலே வாயால் ஓதுவது. எழுத்து அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொடைக்கும் பெயருக்கும் அது போதும் என்று வைத்திருந்தார்கள். புத்தரின் சொல்லுக்கு வேறு ஏற்பாடு இருந்தது.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை வேலைப் பிரிவினை. முழுத் திரிபிடகத்தையும் ஒருவர் சுமக்க வேண்டியதில்லை. நீண்ட சூத்திரங்களின் தொகுப்பான தீக நிகாயத்துக்கு ஒரு கூட்டம், நடுத்தர அளவுள்ள மஜ்ஜிம நிகாயத்துக்கு ஒரு கூட்டம், பொருள்வாரியாகச் சேர்த்த சம்யுத்தத்துக்கும் எண்வரிசையில் அடுக்கிய அங்குத்தரத்துக்கும் தனித்தனிக் கூட்டங்கள். தீகபாணகர், மஜ்ஜிமபாணகர் என்றே அவர்களுக்குப் பெயர். கால ஓட்டத்தில் இவை தனித் தறவாடுகள் போல ஆகிவிட்டன. சித்தார்த்தன் முதியவன், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளையும் ஒரே நாளில் கண்டான் என்பது தீகபாணகரின் வழக்கு. மற்றவர்கள் வெவ்வேறு நாள் என்றார்கள். அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் உரையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஓதும் அளவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பாணவாரம் என்பது ஒரே அமர்வில் ஓதி முடிக்கும் பகுதி. 32 அசை கொண்ட சுலோகம் 250, ஆக 8,000 அசை என்று அதை வகுத்தார்கள். தீக நிகாயம் 64 பாணவாரம், மஜ்ஜிமம் 80, சம்யுத்தம் 100, அங்குத்தரம் 120 என்று உரை சொல்கிறது. தீகத்தை மட்டும் பெருக்கிப் பார்த்தாலே ஐந்து லட்சத்து 12 ஆயிரம் அசை. ஒரு மனிதத் தலைக்குள் இருந்த பாரம் அது.

ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பதற்கு ஏற்பவே அந்த உரைநடை கட்டப்பட்டிருக்கிறது. புத்தரின் முதல் உரை என்று சொல்லப்படும் சூத்திரத்தில் அவருக்குள் பிறந்த தெளிவைக் குறிக்க ஐந்து சொற்கள் வரிசையாக வருகின்றன: சக்கு, ஞாணம், பஞ்ஞா, விஜ்ஜா, ஆலோகோ. கண், அறிவு, ஞானம், வித்தை, ஒளி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'எழுந்தது' என்ற ஒரே வினை. முதல் நான்கும் ஈரசை, கடைசி மூவசை. சிறியது முன்னால், பெரியது பின்னால். பொருள் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் மற்ற நான்கும் அதைத் தாங்கும், வரிசை மாறினால் தாளம் இடறிக் காட்டிக்கொடுக்கும். திரிபிடகத்தில் இப்படிப்பட்ட அடுக்குகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அச்சில் வாசிக்கிற இன்றைய கண்ணுக்கு அவை சலிப்பூட்டும் கூறியதுகூறல். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்ன வாய்பாட்டை ஓசையில்லாமல் படித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

எண்ணும் ஒரு காவல்தான். அங்குத்தர நிகாயம் ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் முடிகிறது. நான்கைச் சொல்லும் சூத்திரத்தில் மூன்றுதான் வந்தால் கூட்டத்தில் உட்கார்ந்த இளையவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். ஏறத்தாழ பத்து சூத்திரத்துக்கு ஒரு முறை, அவற்றின் குறிச்சொற்களை மட்டும் கோத்த ஒரு செய்யுள் வரும்; அதற்கு உத்தானம் என்று பெயர். நம் பதிப்புகளில் கடைசியில் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு செய்யும் வேலையை அது ஒவ்வொரு வர்க்கத்தின் முடிவிலும் செய்தது. எது விட்டுப்போனது என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

மாட்டுங்காவில் காலை வேளையில் நடப்பவர்களுக்கு வேதம் ஓதுவது காதில் விழும். கனபாடத்தில் முதல் சொல், இரண்டாம் சொல், திருப்பி, பிறகு மூன்றாவதையும் சேர்த்து முன்னும் பின்னுமாக முறுக்கி ஓதுவார்கள். எழுத்து ஒன்றும் அசையாமல் இருக்க அதைவிடக் கட்டு வேறில்லை. பௌத்தர்கள் அந்த வழியைப் பின்பற்றவில்லை. சொல்லைப் பொருளிலிருந்து பிரித்து முறுக்க அவர்கள் விரும்பவில்லை என்றே நினைக்கிறேன். அது கேட்பவனுக்குப் புரிந்தாக வேண்டிய போதனை. எனவே அவர்கள் முறுக்குக்குப் பதில் கூட்டத்தை நம்பினார்கள். சங்காயனம் என்ற சொல்லின் நேர்ப்பொருளே சேர்ந்து ஓதுவது. பிழை செய்பவனின் பிழை பக்கத்தில் இருப்பவனின் குரலில் மோதி அங்கேயே தெரிந்துவிடும், தாராவியில் அந்தச் சிறுமிக்கு நடந்ததுபோல.

இந்த முறையின் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது, அதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். விநய பிடகத்தில் ஒரு விதி உண்டு. மழைக்கால மூன்று மாதம் துறவி இருப்பிடத்தை விட்டு நகரக் கூடாது. விலக்கு சில உண்டு. அவற்றில் ஒன்று: இல்லறத்தார் ஒருவருக்கு ஒரு சூத்திரம் தெரியும், அது மறைந்துபோவதற்குள் வந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினால் துறவி போகலாம், ஏழு நாளுக்குள் திரும்ப வேண்டும். அந்த விதியை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏதோ ஓர் ஊரில் சாகக் கிடக்கும் ஒரு மனிதரின் வாயில் மட்டும் ஒரு சூத்திரம் மிஞ்சியிருக்கிறது, ஒருவன் மழையில் நடந்து போகிறான். இப்படி நடந்திராவிட்டால் இப்படி ஒரு விதி எழுந்திருக்காது.

பிறகு, இந்த ஓதல் சென்றடைந்திருந்த இலங்கையில் பஞ்சம் வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டு. வட்டகாமணி அபயன் பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே தெற்கே ரோகணத்தில் தீயன் என்ற பிராமணன் கிளர்ச்சி செய்தான். அதே நேரத்தில் மாதோட்டத் துறையில் ஏழு தமிழர்கள் படையோடு வந்து இறங்கினார்கள். அரசன் ஓடி ஒளிந்தான். ஏழு பேரில் இருவர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் திரும்பினார்கள், அதில் ஒருவன் எடுத்துப் போனது புத்தரின் பிச்சைப் பாத்திரம் என்கிறது மகாவம்சம். மற்ற ஐவர் ஒருவரையொருவர் கொன்று மாற்றி மாற்றி அநுராதபுரத்தை ஆண்டார்கள்: புலகத்தன், பாகியன், பணயமாறன், பிளயமாறன், தாடிகன். மொத்தம் பதினான்கு ஆண்டும் ஏழு மாதமும். திரிபிடகம் ஏட்டுக்கு வந்த கதையில் தமிழன் நுழையும் இடம் இது. காஞ்சியையும் மணிமேகலையையும் சொல்லிப் பெருமைப்படும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளைநிலம் பாழாகி, மக்கள் அற்றுப்போன நாட்டில் பிச்சை எடுத்து உண்பவன் என்ன செய்வான்? ஓதுகிறவர்கள் பிச்சையுணவில் வாழ்ந்தவர்கள். ஊரில் அடுப்பு எரிந்தால்தான் சூத்திரம் ஓதப்படும்.

ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட அங்குத்தர உரையான மனோரதபூரணி அந்தப் பஞ்சத்தை நினைவுகூர்கிறது. துறவிகள் பலர் கடல் கடந்து போனார்கள். அறுபது பேர் மட்டும் போகாமல் தெற்கே மலைநாட்டுக்குத் திரும்பிக் கிழங்கும் வேரும் இலையும் தின்று கிடந்தார்கள். உட்கார முடிந்தவரை உட்கார்ந்து ஓதினார்கள். உட்காரவும் முடியாமல் போனபோது மணலைக் குவித்து, அதைச் சுற்றிப் படுத்து, தலைகளை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ஓதலைத் தொடர்ந்தார்கள்.

தலைகள் ஏன் ஒரே இடத்தில்? குரல் போய்விட்டது. அறுபது பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் சொல்வது எதிரே இருப்பவருக்குக் கேட்கும் வலு எவருக்கும் இல்லை. தலைகள் நெருங்கியிருந்தால் முணுமுணுப்பே போதும், ஒருவரின் பிழை அடுத்தவரின் காதுக்கு எட்டும். பக்திக்காகச் சேர்த்த விவரமாக இது எனக்குத் தோன்றவில்லை. ஓதும் கூட்டத்தில் ஒரு நாளாவது இருந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் மழை வந்தது, நாடு தேறியது, கடல் கடந்தவர்களில் எழுநூறு பேர் திரும்பினார்கள். கல்லகாமத்து மண்டலாராமத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து ஓதிப் பார்த்தபோது ஓர் எழுத்தும் மாறவில்லை என்கிறது உரை. ஓர் எழுத்தும் மாறாதது நடக்கக்கூடியதா என்பதைவிட, திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்கள் என்பது முக்கியம். அங்கேயே ஒரு விவாதமும் எழுந்தது. சாசனத்துக்கு வேர் எது, கற்றுக் காப்பதா, கற்றபடி நடப்பதா? கந்தல் உடுத்தித் தவம் செய்யும் பாம்சுகூலிகர் நடப்பதே வேர் என்றார்கள். ஓதுபவர்கள் மறுத்தார்கள். ஆயிரம் காளை இருந்தும் ஒரு பசு இல்லையென்றால் மந்தை தொடராது என்றார்கள். கரை உறுதியாக இருந்தால்தான் குளத்தில் நீர் நிற்கும், நீர் நின்றால்தான் தாமரை என்றார்கள். புதையல் இருக்கும் இடத்தைக் கல்லில் பொறித்திருந்தால், அந்த எழுத்து இருக்கும்வரை புதையல் தொலைந்ததாகாது என்றும் சொன்னார்கள். வாயால் காத்தவர்கள் தங்கள் பக்கத்தை நிலைநாட்ட எடுத்த உவமை கல்லெழுத்து. பாம்சுகூலிகர் வாய் மூடினார்கள். சங்கம் அன்று எடுத்த முடிவு பெரியது: ஒருவரும் கரையேறாத காலத்திலும் சொல் காக்கப்பட வேண்டும்.

ஆனாலும் அறுபது பேரின் கதையைவிட இன்னொரு கதைதான் எழுத்துக்கு வழி விட்டது என்று எண்ணுகிறேன். இது விநய உரையான சமந்தபாசாதிகையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் மகாநித்தேசம் என்ற நூலை முழுதும் அறிந்தவர் ஒரே ஒருவராகிவிட்டார். அவர் நல்லொழுக்கம் இல்லாதவர் என்று ஊருக்கே தெரியும். மகாரக்கிதர் என்ற தேரரிடம் மூத்தவர் ஒருவர், அவரிடம் போய் அதைக் கற்றுக்கொள் என்கிறார். அவர் பாவி, நான் போக மாட்டேன் என்கிறார் மகாரக்கிதர். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீ கற்றுக்கொள் என்கிறார் மூத்தவர். அப்படியானால் சரி என்று இரவும் பகலும் இடைவிடாமல் கற்கிறார். கடைசி நாள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெண் ஒளிந்திருப்பதைப் பார்க்கிறார். காதால் கேட்டிருந்தேன், இப்படி என்று தெரிந்திருந்தால் கற்றிருக்கவே மாட்டேன் என்கிறார். மகாரக்கிதரிடமிருந்து பலர் கற்றார்கள், நூல் பிழைத்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்தவளைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த மனிதர் சொன்னதைச் சரிபார்க்க யாரும் இல்லை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவருக்கும் அந்த நூல் தெரியாது. அவர் காவல் காத்தது மகாரக்கிதரின் மனத்தை, நூலின் சொல்லை அல்ல. சொல்லிக்கொடுத்தவர் ஓர் இடத்தில் தடுமாறி இரண்டு வரி விட்டிருந்தாலும், நிரப்ப வேறொன்றைச் சேர்த்திருந்தாலும் எவருக்கும் தெரிய வழியில்லை. நாம் இன்று வைத்திருக்கும் மகாநித்தேசம் அந்த ஒரு வாய் சொன்னது. சேர்ந்து ஓதும் முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆனதும் முறையே முறிந்துவிடுகிறது. அதன் பிறகு இருப்பது வெறும் ஞாபகம்.

வட்டகாமணி தாடிகனைக் கொன்று அநுராதபுரத்தை மீட்டபின், அவன் காலத்திலேயே, திரிபிடகமும் அதன் உரையும் எழுதப்பட்டன. மகாவம்சம் இதற்குக் கொடுத்திருப்பது இரண்டே சுலோகம். முன்பு வாய்வழி வந்ததை, உயிர்களுக்கு நேரும் சிதைவைக் கண்டு, தருமம் நெடுநாள் நிற்பதற்காகத் துறவிகள் கூடி எழுதினார்கள் என்று முடித்துக்கொள்கிறது. அதைவிடப் பழைய தீபவம்சத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள். கோயிலுக்கும் குளத்துக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கும் நூல் இதை இரண்டு சுலோகத்தில் கடந்துபோகிறது. இடத்தின் பெயர்கூட அங்கே இல்லை. மாத்தளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலோக லேணம், இன்றைய அலுவிகாரை, என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. தலைநகரின் மகாவிகாரையில் ஏன் எழுதவில்லை? அரசன் ஒளிந்திருந்தபோது உதவிய மகாதிஸ்ஸருக்கு அபயகிரி விகாரையைக் கட்டிக் கொடுத்திருந்தான். மகாவிகாரைக்கும் அதற்கும் பிளவு தொடங்கிவிட்டது. மலையடிவாரக் குகையில், அரசனின் பெயர் ஒட்டாமல், ஓதுபவர்கள் தாங்களே செய்த வேலையாகவே எனக்கு இது படுகிறது.

வேலை எப்படிப்பட்டது என்று ஒரு கணக்குப் போடலாம். பின்னாளில் வழங்கிய முறையை வைத்துப் பார்த்தால், தாளிப்பனையின் விரியாத இளங்குருத்தை எடுத்து, நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பான தண்டில் இழுத்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். எழுத்தாணியால் கீறிய பின் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி, வரிக்கு நூறு எழுத்து என்று வைத்துக்கொண்டால் ஓர் ஏட்டின் இரு பக்கமும் 1,600 எழுத்து. ஒரு பாணவாரத்துக்கு ஐந்து ஏடு. நான்கு நிகாயமும் சேர்ந்து 364 பாணவாரம், ஆக 1,820 ஏடு. விநயமும் அபிதம்மமும் உரைகளும் இதற்கு மேல். ஓதுபவர் எழுத்தாணியின் வேகத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆஜியை நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னபோதெல்லாம் அவருக்கு இழை அறுந்தது, அறுந்த இடத்திலிருந்து தொடர முடியாமல் தலையிலிருந்து தொடங்கினார். ஓட்டத்தில் வாழ்வதை நிறுத்தி நிறுத்தி எடுப்பது அத்தனை எளிதல்ல. குகையில் எழுதியவரைச் சுற்றி ஒரு கூட்டம் ஓதிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஏட்டுக்கு வந்ததும் பிழையின் குணம் மாறிவிட்டது. வாய்வழிப் பிழை பெரும்பாலும் ஒரு வகை: அரிதாக வரும் தொடர், அடிக்கடி வரும் தொடரின் பக்கம் இழுபட்டு அதுவாகவே மாறிவிடும். பொருள் கெடாது, தனித்தன்மை கெடும். ஏட்டுப் பிழை கண்ணின் பிழை. சிங்கள எழுத்தில் 'ச'வும் 'வ'வும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்று மற்றொன்றாகும். காதுக்கு அந்த இரண்டும் ஒரு நாளும் குழம்பாது. சுவடிகளை ஒப்பிடுபவர்கள் இதை வைத்தே எந்தப் பிழை எந்தக் காலத்தது என்று ஊகிக்கிறார்கள். எல்லாவற்றிலும் மோசமானது தாவல். எழுதுபவன் ஒரு வரியின் முடிவைப் பார்த்து எழுதிவிட்டு மூல ஏட்டுக்குத் திரும்பும்போது, அதே சொல்லில் முடியும் அடுத்த வரியில் கண் போய் நிற்கும்; நடுவில் இருந்தது காணாமல் போகும். ஓதுபவனைக் காப்பாற்றிய கூறியதுகூறல் படியெடுப்பவனுக்குக் குழி ஆகிவிட்டது. அதோடு, ஒரே பத்தியை மீண்டும் மீண்டும் கீறக் கை வலித்து, 'பெய்யாலம்' என்பதன் சுருக்கமாக 'பெ' என்று போட்டு, முன்போலக் கொள்க என்று விட்டார்கள். சூத்திரத்தின் உடல் சுருங்கிக் குறியீடானது.

தாதர் இந்து காலனியில், மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அம்பேத்கர் தம் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருகம் இருக்கிறது. 1957இல், அவர் மறைந்தபின், பம்பாயில் சித்தார்த் கல்லூரி வெளியீடாக வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் பாணகர்களைப் பற்றி அவர் கடுமையாகவே கேட்கிறார். இவ்வளவு பெரிய பாரத்தை ஞாபகத்தில் சுமந்தவர்கள் எப்படிப் பிழையின்றிச் சொல்லியிருக்க முடியும்? புத்தர் உயிரோடு இருக்கும்போதே அவர் சொன்னது திரித்துச் சொல்லப்பட்டதற்குத் திரிபிடகத்திலிருந்தே ஐந்து இடங்களைக் காட்டுகிறார். அதில் ஒன்று அரிட்டன் என்ற துறவியின் கதை. தடை என்று புத்தர் சொன்னவை உண்மையில் தடையல்ல என்று அவன் பிடிவாதமாகச் சொன்னான். அம்பேத்கரின் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அரிட்டன் சொல்லை மறக்கவில்லை, பொருளைத் திருகினான். கூட்டமாக ஓதுவது சொல்லின் இழப்பைப் பிடிக்கும், பொருள் திரிவதைப் பிடிக்காது. எல்லோரும் ஒரே பிழையைக் கற்றிருந்தால் அதையும் பிடிக்காது. ஏடும் இந்த இரண்டையும் பிடிக்காது. அதனால்தான் பகுத்தறிவுக்கு ஒத்துவருவதையே புத்தர் சொல்லாகக் கொள்வேன் என்று அம்பேத்கர் வேறொரு அளவுகோலை எடுத்தார்.

ஏடு வந்ததும் ஓதல் நிற்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விநய நூலைத் தேடி வந்த சீனத் துறவி ஃபாகியான், வட இந்தியாவில் எங்கு கேட்டாலும் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் வாய்க்குத்தான் வருகிறது, படியெடுக்க ஏடில்லை என்று குறித்திருக்கிறார். அலுவிகாரையில் கீறிய ஏடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. படியின் படியின் படிதான் நம்மிடம் இருக்கிறது. 1954 முதல் 1956 வரை யாங்கோனில் ஆறாம் சங்காயனம் கூடியபோது அச்சுப் புத்தகங்கள் கையில் இருந்தன. அப்படியும் பதிப்புகளை ஒப்பிட்டுத் திருத்தியபின் துறவிகள் அதை உரக்கச் சேர்ந்து ஓதித்தான் ஏற்றார்கள். அந்தப் பாடம்தான் பின்னர் இகத்புரி தம்மகிரியிலிருந்து நாகரி எழுத்தில் அச்சாகி வந்தது.

போன மாதம் தாராவி விஹாருக்கு மறுபடி போனேன். அன்று சிறுமி வைத்திருந்த புத்தகம் சிலையின் காலடியில் இருந்தது, எடுத்துப் புரட்டினேன். மகாமங்கல சுத்தத்தில் அவள் தாண்டிய பாட்டு அச்சிலேயே இல்லை. முந்தைய பாட்டும் அதுவும் ஒரே சொற்களில் முடிவதால் அச்சுக் கோத்தவரின் கண் தாவியிருக்கிறது. சிறுமி பார்த்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். பக்கத்தின் ஓரத்தில், நீலப் பேனாவில், விட்டுப்போன நான்கு அடியையும் யாரோ நாகரியில் நெருக்கி எழுதி, நுழைய வேண்டிய இடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். எழுதியது யார் என்று ஆஜியிடம் கேட்டேன். "நாங்க எல்லாரும் சொன்னோம், அந்தப் பொண்ணுதான் எழுதினா" என்றார்.